எந்த உள்ளான் படத்தை வைத்துக்கொள்வது?

தை மாதம் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறவரின் கேமராவில் சாதாரணமாக முந்நூறு, நானூறு படங்கள் இருக்கும். விரலை ஷட்டர் பட்டனில் வைத்து அழுத்தினால் நொடிக்குப் பத்துப் படம் எடுக்கிற கேமரா இன்று கல்லூரி மாணவர்களிடம்கூட இருக்கிறது. எடுப்பது சுலபம். வீட்டுக்கு வந்து எதை வைப்பது, எதை அழிப்பது என்று உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பறவைப் படம் எடுக்கிறவர்கள் பொதுவாக மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா, பின்னணி சுத்தமாக இருக்கிறதா, இது இன்ன பறவை என்று சொல்லும் அடையாளங்கள் தெரிகின்றனவா. மூன்றும் ஒரே படத்தில் அமைந்துவிட்டால் யோசிக்க ஒன்றும் இல்லை. பெரும்பாலும் அமையாது. ஒன்றைப் பிடிக்கப் போனால் இன்னொன்று நழுவும். கண்ணும் பின்னணியும் அற்புதமாக வந்த படத்தை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டு, பிறகு அது எந்தப் பறவை என்றே சொல்ல முடியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். பெயர் முடிவாகும்வரை எதையும் அழிக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஏன் என்று ஒரு பறவையை வைத்தே பார்க்கலாம்.

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரி. மதகிலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்காலில், சேறும் தண்ணீருமாக இருந்த இடத்தில் ஒரே ஒரு உள்ளான் மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் நடைக்குழுவில் ஓர் இளைஞர் அதை விடாமல் படம் எடுத்தார். எல்லாரும் "பொரி உள்ளான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம். தமிழ்நாட்டின் ஏரிகளிலும் நெல்வயல்களிலும் குளிர்காலத்தில் அதிகம் கண்ணில் படுவது அதுதான். ஆங்கிலத்தில் வுட் சாண்ட்பைப்பர். வடக்கு ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் இங்கே வந்து சேரும். ஆனால் தனியாக ஒரு வாய்க்காலில் ஒதுங்கி மேய்வது இதற்கு நெருங்கிய உறவான கிரீன் சாண்ட்பைப்பரின் வழக்கம். இரண்டுமே மைனா அளவுள்ள பறவைகள். இரண்டுக்கும் முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை, வாலுக்கு மேலே பிட்டமும் வெள்ளை. தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வித்தியாசங்கள் உண்டு, எல்லாம் சின்னச் சின்ன இடங்களில். பொரி உள்ளானுக்குக் கண்ணுக்கு மேலே ஒரு வெளிறிய புருவக்கோடு அலகிலிருந்து தொடங்கி, கண்ணைத் தாண்டிப் பின்பக்கமும் நீண்டு போகும். கிரீன் சாண்ட்பைப்பருக்கு அந்தக் கோடு கண்ணோடு நின்றுவிடும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் எடுப்பாகத் தெரியும். முன்னதன் முதுகில் பொரியை இறைத்ததுபோல் பெரிய புள்ளிகள், பின்னதில் ஊசி முனையளவு. கால் முன்னதில் மஞ்சள் சாயல், பின்னதில் மங்கிய பச்சைச் சாம்பல். பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் பொரி உள்ளானில் வெளிறியிருக்கும். மற்றதில் கிட்டத்தட்டக் கறுப்பு. வாலில் உள்ள பட்டைகள் பொரி உள்ளானில் மெல்லியவை, நெருக்கமானவை. மற்றதில் அகலமாக மூன்று நான்குதான் இருக்கும்.

இனி படங்களுக்கு வருவோம். அந்த இளைஞர் முதலில் காட்டியது ஒரு முகப்படம். வாய்க்கால் வரப்பில் குப்புறப் படுத்து எடுத்திருந்தார். பறவை நேராகக் கேமராவைப் பார்க்கிறது. கறுத்த கண்ணில் வானத்தின் வெளிச்சம் ஒரு புள்ளியாக மின்னுகிறது. பின்னணி முழுக்கக் கரைந்த பச்சை. சுவரில் மாட்டலாம். குழுவில் எல்லாரும் அதற்குத்தான் கைதட்டினார்கள்.

இந்தப் படத்தில் கண் உண்மையிலேயே கூர்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேமராவின் பின்பக்கத் திரையை நம்பக் கூடாது. அங்கே தெரிவது சுருக்கிய படம். சுருக்கினால் எதுவும் கூர்மையாகத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியும் உதவாது. கணினியில் அசல் கோப்பைத் திறந்து 100% அளவுக்குப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்க்க வேண்டும். உள்ளானுக்குக் கண் கறுப்பு, கண்ணுக்கு முன்னால் அலகு வரை ஓடும் பட்டையும் கறுப்பு. ஆகவே கண்மணியின் நடுவைப் பார்த்துப் பயன் இல்லை. கண்ணின் விளிம்பைப் பார்க்க வேண்டும். வெள்ளை வளையமும் கறுப்புக் கண்ணும் சேரும் கோடு தெளிவாக வெட்டியதுபோல் இருந்தால் ஃபோகஸ் சரி. மின்னும் ஒளிப்புள்ளி இருப்பதால் மட்டும் கண் கூர்மை என்று ஆகிவிடாது. லேசாக ஃபோகஸ் தவறிய கண்ணிலும் அந்தப் புள்ளி இருக்கும், சற்றுப் பெரிதாகவும் மங்கலாகவும்.

கண் மங்கலாக இருந்தால் அடுத்த கேள்வி, ஏன் மங்கல் என்பது. காரணம் தெரிந்தால்தான் பக்கத்துப் படத்தில் சரியாகியிருக்குமா என்று ஊகிக்கலாம். பறவையின் கண் மங்கி, முன்னால் நிற்கும் புல்லோ பின்னால் உள்ள சேறோ துல்லியமாக இருந்தால், ஃபோகஸ் இடம் மாறிப் போயிருக்கிறது. காலடிச் சேறு துல்லியமாக இருந்து, தலை மட்டும் இரட்டையாகத் தெரிந்தால், பறவை அசைந்திருக்கிறது. உள்ளான்கள் நிற்கும்போதும் உடம்பை ஆட்டிக்கொண்டே இருக்கும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகம்கூடச் சில நேரம் போதாது. படத்தில் உள்ள எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால், ஆடியது நம் கை.

நான்காவதாக ஒரு காரணம் உண்டு. நம் ஊரில் அதைத்தான் அதிகம் மறக்கிறோம். வெயில் ஏறியதும் ஈரச் சேற்றின் மேல் காற்று கொதிப்பதுபோல் நெளியும், அதன் வழியாக எடுத்த படம் தெளியாது. இதைக் கண்டுபிடிக்கத் தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் அலகு வளைந்தும், அடுத்ததில் முதுகு நெளிந்தும், எதிலும் எந்த இடமும் முழுத் துல்லியமாக இல்லாமலும் இருந்தால் அது கானல் வேலை. ஒன்பது மணிக்கு மேல் நாற்பது மீட்டர் தூரத்தில் எடுத்ததென்றால் எத்தனை லட்ச ரூபாய் லென்ஸாக இருந்தாலும் இதுதான் கதி. நெருங்கினால் குறையும், இல்லாவிட்டால் மறுநாள் விடியலில்தான் வர வேண்டும்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. அந்தத் தொடரில் ஒரு படத்தில் இறகெல்லாம் நூல் நூலாகத் தெரிகிறது, கண் மட்டும் பால் விட்டதுபோல் வெளுத்திருக்கிறது. "ஃபோகஸ் போச்சு" என்று அழிக்கப் போனார் இளைஞர். பறவைகளுக்கு மூன்றாவதாக ஓர் இமை இருக்கிறது. கண்ணைத் துடைக்க அது குறுக்காக ஓடி மறையும். நாம் பார்க்கும்போது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அந்தப் படத்தில் கண் வளையம் கூர்மையாகவே இருந்தது. முகப்படமாக அது உதவாதுதான். அதில் முதுகுப் புள்ளிகள் எத்தனை தெளிவாக விழுந்திருந்தன என்பது பிறகு தெரிந்தது.

முகப்படத்தின் பின்னணி எப்படி அவ்வளவு சுத்தமாக வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். பலர் விலையுயர்ந்த லென்ஸின் வேலை என்று நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அது படுத்ததன் வேலை. உள்ளானின் கண் தரையிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பறவை பத்து மீட்டர் தள்ளி நிற்கிறது. நீங்கள் நின்றபடி, கேமராவை ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்தால், உங்கள் பார்வைக்கோடு பறவையின் கண்ணைத் தொட்டு, அதற்குப் பின்னால் ஒரு மீட்டருக்குள்ளேயே சேற்றில் போய் இடிக்கும். கண்ணுக்குப் பின்னணி அந்தச் சேறுதான். அதில் உள்ள கிளிஞ்சல், குச்சி எல்லாம் தெரியும். உட்கார்ந்து கேமராவை 30 சென்டிமீட்டருக்கு இறக்கினால் அதே கோடு ஏழு மீட்டர்வரை தள்ளிப் போய்த்தான் தரையைத் தொடும். படுத்து 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் நாற்பது மீட்டர். அவ்வளவு தூரத்தில் இருப்பது எதிர்க்கரைப் புல்லோ மரமோ எதுவானாலும் வெறும் நிறமாகக் கரைந்துவிடும்.

இரண்டு படங்களின் பின்னணியை ஒப்பிடும்போது, எது அதிகம் மங்கியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பது சரியல்ல. பறவையின் உருவக்கோட்டைச் சுற்றி ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள். அலகு நுனி எங்கே முடிகிறது என்று தெரிகிறதா? வரப்பின் கோடோ தண்ணீரின் விளிம்போ தலைக்குள் புகுந்து வெளியே வருகிறதா? பளிச்சென்ற வெள்ளைப் புள்ளி ஏதாவது கண்ணுக்குப் பக்கத்தில் நின்று போட்டி போடுகிறதா? இந்த மூன்றும் இல்லாத, லேசாகப் புல் தெரிகிற பின்னணியே எனக்குப் பிடிக்கும். பறவை எங்கே நின்றது என்று அது சொல்கிறது. வெறும் பச்சைத் திரை முன்னால் நிறுத்திய பறவைகளைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது என்பதும் உண்மை.

சரி, படுத்ததற்கு என்ன விலை கொடுத்தார்? வரப்போரப் புல் முன்னால் வந்து காலை முழுக்க மறைத்துவிட்டது. கீழிருந்து பார்ப்பதால் முதுகின் மேற்பரப்பு தெரியவில்லை. பறவை நேரே பார்ப்பதால் கண்ணுக்குப் பின்னால் உள்ள பகுதி மடங்கி ஒளிந்துகொண்டது. கண்ணுக்கு முன்னால் உள்ள வெள்ளைக்கோடு தெளிவாகத் தெரிகிறது, ஆனால் அது இரண்டு பறவைக்கும் உண்டு. ஆக, குழுவே கைதட்டிய படத்தில் கால் இல்லை, முதுகு இல்லை, புருவத்தின் பின்பாதி இல்லை. கண் வளையம் கொஞ்சம் எடுப்பாக இருக்கிறதே என்று ஒரு சந்தேகம் எழலாம். அதற்கு மேல் அந்தப் படம் பேசாது.

அந்த இளைஞர் ஏற்கெனவே கழித்துக் கட்டியிருந்தவற்றில் இன்னொரு படம் இருந்தது. படுப்பதற்கு முன், நின்றபடி எடுத்தது. பின்னணி பார்க்கச் சகிக்காது: சேறு, நத்தை ஓடுகள், ஒரு பிளாஸ்டிக் கவரின் மூலை. கண் ஓரளவுதான் கூர்மை. ஆனால் பறவை முழுப் பக்கவாட்டில் நிற்கிறது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் அந்தப் படத்தில் கையை வைத்தார்.

"தம்பி, புருவக்கோடு எங்க முடியுது, பாருங்க."

"கண்ணுகிட்டயே நின்னுடுது சார்."

"பின்னாடி ஏதாவது தெரியுதா?"

"இல்ல சார். ஆனா கண்ணு மங்கலா இருக்கே, அதனால தெரியாம போயிருக்குமோ?"

நல்ல கேள்வி. மங்கலான படத்தில் இல்லாததை இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அதே படத்தில், அதே அளவு மெல்லிய வேறொரு கோடு தெரிகிறதா என்று பார்ப்பது. கண்ணுக்கு முன்னால் உள்ள கோடும், கண் வளையமும் அந்தப் படத்தில் தெரிந்தன. அவை தெரியும் அளவுக்குப் படம் தெளிவு என்றால், பின்பக்கக் கோடு இருந்திருந்தால் அதுவும் தெரிந்திருக்கும். தெரியாததால் அது இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

காலின் நிறத்தை ஆசிரியர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பச்சைச் சாம்பலாகத்தான் தெரிந்தது, ஆனால் முட்டி வரை சேறு. சேறு பூசிய மஞ்சள் காலும் அப்படித்தான் தெரியும். முதுகுப் புள்ளிகளை இந்தப் படத்தில் நம்ப முடியவில்லை. வெயில் நேராக முதுகில் விழுந்து வெள்ளைப் புள்ளிகள் வெளுத்து விரிந்திருந்தன. சின்னப் புள்ளி பெரிய புள்ளியாகிப் பொரி உள்ளான்போல் காட்டும். அங்கேதான் மூன்றாவது இமை மூடிய படம் கைகொடுத்தது. மேகம் மறைத்த ஒரு கணத்தில் எடுத்தது அது. புள்ளிகள் சின்னதாக, எண்ணிவிடக்கூடிய தெளிவோடு இருந்தன. தை மாதத்துக்குள் இறகு விளிம்புகள் தேய்ந்து பொரி உள்ளானின் புள்ளிகளும் சிறுத்துப்போவதுண்டு என்பதால், இதை மட்டும் வைத்தும் முடிவு செய்துவிட முடியாது.

அடையாளம் பார்க்கும் வேலையைத் திருத்தாத படத்தில்தான் செய்ய வேண்டும். நிழலைத் தூக்கி வெளிச்சமாக்கினால் கறுத்த இறக்கை சாம்பலாகும். படத்தில் உள்ள மணல்போன்ற இரைச்சலை நீக்கும் மென்பொருள், மார்பில் உள்ள மெல்லிய கீற்றுகளையும் இரைச்சல் என்று எண்ணி வழித்துவிடும். அழகுபடுத்துவதைப் பெயர் வைத்த பிறகு செய்துகொள்ளலாம்.

வழக்கைத் தீர்த்து வைத்தது யாரும் பொருட்படுத்தாத படம். பறவை கிளம்பிப் பறந்தபோது அவசரத்தில் அழுத்தியது. நமக்கு முதுகைக் காட்டிப் போகிறது, கண்ணே இல்லை. இறக்கை நுனி இழுபட்டிருக்கிறது. பாதிப் படத்துக்குக் கிளை குறுக்கே. ஆனாலும் வெள்ளைப் பிட்டமும், அதன் கீழே வாலில் அகலமான கறுப்புப் பட்டைகள் மூன்றும் தெரிந்தன. உயர்ந்திருந்த ஓர் இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பு. திறந்த வெளிச்சத்தில், வெள்ளை வயிற்றுக்குப் பக்கத்திலேயே அந்தக் கறுப்பு இருந்ததால் நிழல் என்று ஒதுக்க முடியாது. நிழலாக இருந்திருந்தால் வயிறும் இருண்டிருக்கும். இந்தக் கறுப்பு பொரி உள்ளானில் வரவே வராது. அது கிரீன் சாண்ட்பைப்பர்.

"இந்தப் படத்தைத்தான் சார் நான் முதல்ல அழிச்சிருப்பேன்" என்றார் இளைஞர். கண் கூர்மை என்பதை முதல் வடிகட்டியாக வைத்திருந்தால் அழித்துத்தான் இருப்பார். முதுகு காட்டிப் பறக்கும் பறவைக்குக் கண் எங்கே இருக்கும்?

எனவே ஒப்பிடும் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதல் சுற்றில் அழகைப் பார்க்காமல், ஒவ்வொரு பறவைக்கும் பக்கவாட்டு, முதுகு, கால், பறக்கும் கோலம் என்று எந்தெந்தப் பகுதி எந்தப் படத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஒதுக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் அடுத்தடுத்து எடுத்த அதே பறவைதானா என்று படம் எடுத்த நேரத்தையும் சரிபாருங்கள். வாய்க்காலில் இரண்டாவது உள்ளான் வந்து சேர்ந்திருந்தால், ஒன்றின் முகத்தையும் மற்றதன் வாலையும் சேர்த்துத் தப்பான பெயர் வைத்துவிடுவோம். பெயர் முடிவானதும் இரண்டாவது சுற்றில் கண்ணைப் பாருங்கள். இங்கே ஒரு நுணுக்கம். 100% பெரிதாக்கிப் பார்ப்பது மங்கலின் காரணத்தைக் கண்டுபிடிக்க மட்டும்தான். எது சிறந்தது என்று தேர்ந்தெடுக்கும்போது, இரண்டு படத்திலும் பறவை திரையில் ஒரே அளவில் தெரியும்படி வைத்து ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் நெருங்கி எடுத்த பெரிய பறவை லேசாக மங்கலாகவும், தூரத்துச் சின்னப் பறவை கூர்மையாகவும் தோன்றி, தவறான படம் ஜெயித்துவிடும். பின்னணியைக் கடைசியில் பார்த்தால் போதும். அதற்குள் மிஞ்சியிருப்பது நாலைந்து படங்களாகத்தான் இருக்கும்.

முகப்படம் எடுக்கும்போதே கொஞ்சம் சமரசம் செய்துகொண்டால் இந்த இழுபறி குறையும். பத்து மீட்டர் தூரத்தில் 400 மில்லிமீட்டர் லென்ஸை f/6.3 திறப்பில் வைத்தால், சாதாரண ஏபிஎஸ்-சி கேமராவில் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான். உள்ளானின் நீளம் 20 சென்டிமீட்டருக்கு மேல். பறவை நேராகப் பார்த்தால் கண்ணுக்கு ஃபோகஸ் வைக்கும்போது வால் போய்விடும். பக்கவாட்டில் நின்று, தலையை மட்டும் லேசாக நம் பக்கம் திருப்பும் கணத்துக்காகக் காத்திருந்தால் அலகு, கண், தோள், வால் எல்லாம் ஏறத்தாழ ஒரே தூரத்தில் வந்துவிடும். புருவக்கோடும் முழுக்கத் தெரியும். முழுதாகப் படுக்காமல் உட்கார்ந்து எடுத்தால் பின்னணி கொஞ்சம் கெடும், ஆனால் புல்லுக்கு மேலாகக் கால் தெரியும்.

அந்த இளைஞர் கடைசியில் மூன்று படங்களை வைத்துக்கொண்டார். முகப்படம் அவருடைய சுவருக்கு. பக்கவாட்டுப் படமும் பறக்கும் படமும் eBird தளத்தில் அன்றைய பட்டியலோடு போயின. அந்தத் தளத்தில் படங்களுக்கு நட்சத்திரம் கொடுப்பார்கள். அது படத்தின் தரத்துக்கு மட்டும்தான், பறவை அபூர்வமா என்பதற்கு அல்ல. பறக்கும் படத்துக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தாலே அதிகம். ஆனால் பட்டியலைச் சரிபார்ப்பவர் கேட்பது அந்தப் படத்தைத்தான்.

அன்று எதிர்க்கரையில், வெயில் ஏறிய பிறகு எடுத்த இன்னோர் உள்ளானின் படங்களும் இருந்தன. கானலில் புருவம் கரைந்து, கால் தண்ணீருக்குள், பறந்ததையும் யாரும் எடுக்கவில்லை. அரை மணி நேரம் ஆளாளுக்கு வாதாடிவிட்டு, அதை Tringa sp. என்று பதிந்தோம்.